காற்றை விற்றுக் கட்டிய மண்டபம்

நியூயோர்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் புகையிரத நிலையத்தைப் பற்றி எழுத முற்படும் எவரும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் இருந்து ஆரம்பிப்பது வழக்கம். 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலப்பகுதியில் எடுக்கப்பட்ட படம் அது. உயரத்தில் இருக்கும் பிறைவடிவச் சாளரங்களின் ஊடாகச் சூரியக் கதிர்கள் சாய்ந்து இறங்கி, தூண்களைப் போன்று தரையில் ஊன்றி நிற்கின்றன. கீழே மனிதர்கள் சிறு புள்ளிகளாகத் தெரிகிறார்கள். அதே காட்சியை இன்று படமெடுக்க முடியாது. சுற்றிலும் எழுந்த உயர்மாடிக் கட்டடங்கள் வெயிலை மறைத்துவிட்டன என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மையின் ஒரு பகுதி மாத்திரமே. எஞ்சிய பகுதி, அந்த மண்டபம் எந்தப் பணத்தில் கட்டப்பட்டது, பின்னர் எந்த வாதத்தினால் காப்பாற்றப்பட்டது என்பதோடு சம்பந்தப்பட்டது.

கதை புகையில் தொடங்குகிறது. நாம் இலங்கையில் இன்றும் 'புகையிரதம்' என்றே எழுதிவருகிறோம். டீசல் இயந்திரங்கள் வந்து பல தசாப்தங்கள் கடந்த பின்னரும் சொல் மாறவில்லை. மன்ஹாட்டனைப் பொறுத்தவரை அந்தப் புகை உயிர்களைப் பலியெடுத்த ஒன்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயோர்க்கின் வடக்கிலிருந்து வந்த ரயில்கள் பார்க் அவெனியூவின் கீழான சுரங்கப்பாதையின் ஊடாகவே நிலையத்தை அடைந்தன. நிலக்கரிப் புகையும் நீராவியும் சுரங்கத்தில் தேங்கி நிற்பது வாடிக்கை. 1902 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் திகதி காலையில், அந்தப் புகைமூட்டத்தில் நிறுத்தச் சமிக்ஞையைக் காணாது வந்த ஒரு ரயில், முன்னால் நின்றுகொண்டிருந்த மற்றொரு ரயிலின் பின்புறத்தில் மோதியது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த 15 பயணிகள் அந்த இடத்திலேயே பலியானார்கள். மறுவருடம் மாநில சட்டசபை, 1908 ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதிக்குப் பின்னர் மன்ஹாட்டனுக்குள் நீராவி இயந்திரங்கள் வரக்கூடாது என்று சட்டம் இயற்றியது.

நியூயோர்க் சென்ட்ரல் ரயில்வே கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக அப்போது இருந்தவர் வில்லியம் வில்கஸ். விபத்து நடந்த அதே வருடத்தின் இறுதியில் அவர் நிர்வாகத்திடம் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ரயில்கள் மின்சாரத்தில் ஓடினால் புகை இல்லை. புகை இல்லையென்றால் தண்டவாளங்களுக்கு மேல் திறந்த வானம் தேவையில்லை. அப்படியானால் தண்டவாளங்களை இரண்டு தட்டுகளாக நிலத்தின் கீழ் கொண்டுசென்று மேலே மூடிவிடலாம். மூடிய பரப்பின் மேல் கட்டடம் கட்டும் உரிமையைப் பிறருக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம். நிலத்தை விற்காமல் அதற்கு மேலுள்ள வெற்றிடத்தை வருமானமாக மாற்றும் யோசனை இது. இன்று உலக நகரங்கள் எங்கும் 'வான்வெளி உரிமை' என்ற பெயரில் வழங்கும் வர்த்தகத்துக்கு இதனை முன்னோடி என்று கூறலாம். வில்கஸ் 1907 ஆம் ஆண்டிலேயே கம்பனியில் இருந்து விலகிவிட்டார். நிலையம் திறக்கப்பட்டபோது அவர் அங்கு பதவியில் இருக்கவில்லை.

அவரது கணக்கு பிசகவில்லை. நிலையத்துக்கு வடக்கே, முன்னர் கரியும் சத்தமுமாகக் கிடந்த ரயில் முற்றத்தின் மேல் ஹோட்டேல்களும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. 1931 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டேல் அவற்றில் ஒன்று. அதன் தூண்கள் தண்டவாளங்களுக்கு இடையில் இறங்கித்தான் பாறையைத் தொடுகின்றன.

புகை போனதன் விளைவு பணத்தோடு நின்றுவிடவில்லை. அகன்ற கூரை எதற்காக என்ற கேள்விக்கும் விடை மாறியது. பழைய நிலையம் 1871 இல் கட்டப்பட்டது. அதன் இரும்பு வளைவுக் கூரை ஏறத்தாழ 200 அடி அகலத்தை இடைத்தூண் எதுவுமின்றித் தாண்டி நின்றது. அந்த அகலமும் உயரமும் ரயில்களுக்காகவும் அவை கக்கிய புகை மேலெழுந்து கலைவதற்காகவும் அமைந்தவை. லண்டன் சென். பான்கிராஸ் உட்பட அக்காலத்தின் பெரிய நிலையங்களில் எல்லாம் பெருங்கூரை ரயில்களின் தலைக்கு மேலேதான் நின்றது. கிராண்ட் சென்ட்ரலில் ரயில்கள் தாழ்ந்த கொங்கிரீட் தளங்களின் கீழே போய்விட்டன. பெருங்கூரை மனிதர்களுக்கு என்றானது.

புதிய நிலையம் 1913 ஆம் ஆண்டு பெப்ரவரி 2 ஆம் திகதி நள்ளிரவு கடந்து திறக்கப்பட்டது. முதல் நாளிலேயே ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்க்க வந்தார்கள். அதன் பிரதான மண்டபம் 275 அடி நீளமும் 120 அடி அகலமும் கொண்டது. கூரை ஏறத்தாழ 125 அடி உயரத்தில் இருக்கிறது. நட்சத்திர மண்டலங்கள் தீட்டப்பட்ட அந்த நீலப்பச்சை வளைவைப் பார்ப்பவர்கள், ரோமானியர் காலத்தைப் போலக் கல்லால் கட்டிய வளைவு என்றே நினைப்பார்கள். உண்மையில் அது சுமை தாங்கும் வளைவே அல்ல. 120 அடி அகலத்தைத் தாண்டி நிற்பவை அதற்கு மேலே மறைந்திருக்கும் உருக்குச் சட்டகங்கள். கண்ணுக்குத் தெரியும் வளைவு அவற்றில் இருந்து தொங்குகின்ற ஒரு விதானம். கூரையில் நீர் கசிந்து முதல் ஓவியம் பழுதடைந்தபோது, 1940களில் பலகைகளை அதன் மேல் பொருத்திப் புதிதாகத் தீட்ட முடிந்ததும் அதனால்தான். கூரையின் நடுவே வெளிச்சத்துக்குக் கண்ணாடித் திறப்பு வைக்கும் எண்ணம் ஆரம்பத்தில் இருந்து, பின்னர் கைவிடப்பட்டது. ஓவிய வானம் வந்தது அந்த இடத்திற்குத்தான்.

ஆகவே வெளிச்சம் முழுவதும் சுவர்களில் இருந்தே வரவேண்டியதாயிற்று. கிழக்கிலும் மேற்கிலும் மும்மூன்று பெரிய வளைவுச் சாளரங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 அடி உயரம். அவை ஒற்றைக் கண்ணாடித் தகடுகள் அல்ல. உள்ளும் புறமுமாக இரண்டு கண்ணாடிச் சுவர்களும், நடுவே ஊழியர்கள் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குச் செல்வதற்கான கண்ணாடித் தள நடைபாதைகளும் இருக்கின்றன. உற்று நோக்கினால் சாளரத்தின் குறுக்கே ஒரு மனித உருவம் நிழலாக நகர்வதைச் சில வேளைகளில் காணலாம். இவை தவிர, வடக்கு, தெற்குச் சுவர்களின் உச்சியில் விதானத்தின் அடியை ஒட்டிப் பிறைவடிவச் சாளரங்கள் வரிசையாக உள்ளன. புகழ்பெற்ற அந்தக் கதிர்கள் இறங்கியது தென்புற வரிசையின் ஊடாக.

கதிர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நியூயோர்க்கில் டிசெம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்தில் இருந்து 26 பாகை உயரத்தில் மாத்திரமே நிற்கும். ஜூன் மாதத்தில் அது 73 பாகைக்கு ஏறிவிடும். உச்சி வெயில் சாளரத்தின் அருகிலேயே செங்குத்தாக விழுந்துவிடும். மண்டபத்தின் குறுக்கே நீளமாகச் சாய்ந்து வருவதற்குத் தாழ்ந்த சூரியன் தேவை. எதிரே எழும் கட்டடம் எதுவும் முதலில் மறைப்பது அந்தத் தாழ்ந்த சூரியனைத்தான். மன்ஹாட்டனின் வீதிகள் திசைகாட்டிக்கு நேராக அமையாமல் 29 பாகை திரும்பியிருப்பதனால், நிலையத்தின் 'தென்புறம்' என்று நாம் சொல்வது உண்மையில் தென்தென்மேற்கைப் பார்க்கிறது. கதிர் நேராக உள்ளே வருவது நண்பகல் கடந்த பின்னரே.

ஆனால், புதிய கட்டடங்களின் மேல் மாத்திரம் பழியைப் போடுகின்ற வழக்கமான கதையை நான் முழுமையாக ஏற்றுக்கொள்ளத் தயாரில்லை. அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட காலத்தில், வீதிக்கு மறுபுறத்தில், தென்மேற்கு மூலையில், 20 மாடிகளுக்கு மேற்பட்ட பெல்மொன்ட் ஹோட்டேல் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அப்போதும் வெயில் நாள் முழுவதும் உள்ளே பாய்ந்ததில்லை. கட்டடங்களுக்கு இடையிலான சந்துகளின் வழியே குறிப்பிட்ட சில வேளைகளில் வந்தது. புகைப்படக்காரர் அந்த வேளைக்காகக் காத்திருந்தார். இன்னொன்று, ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிவதற்குக் காற்றில் தூசியோ புகையோ மிதக்க வேண்டும். ரயிலின் புகை ஒழிந்த மண்டபத்தில் சிகரெட் புகைக்கும் நகரத்தின் கரித்தூசிக்கும் அன்று பஞ்சம் இருக்கவில்லை. சுத்தமான காற்றில் வெயில் தரையில் ஒரு திட்டாக மாத்திரமே விழும். ஆக, நாம் வியந்து பார்க்கின்ற அந்த ஒளித்தூண்களில் ஒரு பங்கு அழுக்குக்குச் சொந்தமானது.

பின்னர் வெளிச்சம் பல வழிகளில் குறைந்துகொண்டே சென்றது. இரண்டாவது உலகப்போரின்போது விமானத் தாக்குதலுக்கு அஞ்சிச் சாளரங்களுக்குக் கறுப்புப் பூசினார்கள். போர் முடிந்த பின்னரும் நீண்ட காலம் அவை சரிவரச் சுத்தம் செய்யப்படவில்லை. 1950 ஆம் ஆண்டில் கிழக்கு மாடத்தில் 60 அடி நீளமும் 18 அடி உயரமும் கொண்ட கொடாக் கம்பனியின் வர்ணப்பட விளம்பரம் வந்து அமர்ந்தது. ஏறத்தாழ 40 வருடங்கள் அது அகலவில்லை. போருக்குப் பிந்திய 1947 ஆம் ஆண்டில் ஆறரைக் கோடிப் பேர் இந்த நிலையத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதையும், அதற்குப் பிறகு விமானமும் மோட்டார் வாகனமும் பயணிகளைப் பறித்துக்கொண்டன என்பதையும் நினைவில் கொண்டால், கம்பனி ஏன் சுவரைக்கூட வாடகைக்கு விட்டது என்பது புரியும்.

சனநெருக்கத்தை இந்த மண்டபம் சமாளிக்கின்ற விதம் தனியாக நோக்கத்தக்கது. கொரோனா பெருந்தொற்றுக்கு முன்னர் நாளொன்றுக்கு ஏழரை இலட்சம் பேர் வந்து சென்றதாகச் சொல்லப்பட்டது. இருந்தும் அங்கு நெரிசல் என்ற உணர்வு வருவதில்லை. தரையின் பரப்பு 33,000 சதுர அடி. ஒரே வேளையில் ஆயிரம் பேர் அதில் நின்றாலும் ஆளுக்கு 33 சதுர அடி கிடைக்கும். அந்த ஆயிரம் பேரும் நிற்பதும் இல்லை. பிரதான மண்டபத்தில் இருக்கைகள் கிடையாது. காத்திருப்பதற்கென்று தெற்கே வேறு மண்டபம் கட்டினார்கள். தொலைதூர ரயில்கள் மேல் தட்டுக்கும், புறநகர் ரயில்கள் கீழ்த் தட்டுக்கும் என்று பிரித்தார்கள். தட்டுகளை இணைப்பதற்குப் படிகளை நம்பியிராமல் சாய்தளங்களை அமைத்தார்கள். ரீட் அன்ட் ஸ்டெம் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் யோசனை அது. பயணப்பெட்டியைச் சுமந்தவரும் குழந்தையைத் தூக்கியவரும் முதியவரும் வேகம் குறையாமல் நடக்கக்கூடிய சரிவு எது என்பதை, மாதிரிச் சாய்தளங்களில் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தே தீர்மானித்தார்கள். இன்னுமொரு சிறிய தந்திரமும் உண்டு. அறிவித்தல் பலகையில் காட்டும் நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தியே ரயில் புறப்படும். கடைசி வேளையில் ஓடிவருபவர் விழாமல் இருப்பதற்கு அந்த ஒரு நிமிடம்.

சில வருடங்களுக்கு முன்னர் மேற்கு மாடத்தின் கைப்பிடிச் சுவரோரமாக நான் ஒரு மணிநேரம் நின்று பார்த்தேன். நடுவிலே இருக்கும் நான்கு முகக் கடிகாரத்தைச் சுற்றி ஆட்கள் சந்திப்பதும் பிரிவதுமாக இருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கோணத்தில் குறுக்காகப் போனார்கள். ஒருவரோடு ஒருவர் மோதியதை நான் காணவில்லை. வெளிச்சம் மிருதுவாக இருந்தது. எவருடைய நிழலும் தரையில் தெளிவாக விழவில்லை. எதிர்க் கட்டடங்களின் கண்ணாடிகளிலும் சுவர்களிலும் பட்டுத் திரும்பிவந்த பகல் அது. வெயிலை மறைத்த கட்டடங்களே அதைச் சிறிது வடிகட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தன.

இனி வழக்குக்கு வருவோம். 1963 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதே நகரத்தின் பென்சில்வேனியா நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். கல்லும் கண்ணாடியுமாக 1910 இல் எழுந்த மாளிகை அது. அதன் தண்டவாளங்கள் கீழே அப்படியே இருக்க, மேலேயிருந்த காற்றுக்காகக் கட்டடம் போனது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே 1965 ஆம் ஆண்டில் நியூயோர்க் மரபுரிமைச் சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1967 இல் கிராண்ட் சென்ட்ரல் அதன்கீழ் பட்டியலிடப்பட்டது.

பட்டியலிடப்பட்டு ஆறு மாதங்களுக்குள், 1968 ஜனவரியில், நிலையத்தின் உரிமையாளரான பென் சென்ட்ரல் கம்பனி மேலே கோபுரம் கட்டுவதற்கு ஒரு நிறுவனத்துடன் குத்தகை உடன்படிக்கை செய்தது. கட்டுமான காலத்தில் வருடத்துக்கு ஒரு மில்லியன் டொலர், பின்னர் குறைந்தது மூன்று மில்லியன் டொலர் என்பது பேச்சு. நொடித்துப்போய்க்கொண்டிருந்த கம்பனிக்கு அது சிறிய தொகையல்ல. 1970 இல் அது வங்குரோத்தும் ஆகிவிட்டது. கட்டடக்கலைஞர் மார்சல் ப்ரொயர் வரைந்த முதல் திட்டத்தில் பழைய முகப்புக்கு மேலேயே 55 மாடிகள். மற்றைய திட்டத்தில் முகப்பே இல்லை. மரபுரிமை ஆணைக்குழு இரண்டையும் நிராகரிக்க, கம்பனி நீதிமன்றம் சென்றது. 1975 ஜனவரியில் கீழ் நீதிமன்றத்தில் நகரம் தோற்றது. அப்போதுதான் ஜக்குலின் கென்னடி ஒனாசிஸ் போன்றவர்கள் வெளிப்படையாகப் போராட்டத்தில் இறங்கினார்கள். பத்திரிகைகள் அவரது முகத்தை நினைவில் வைத்த அளவுக்கு வாதங்களை நினைவில் வைக்கவில்லை என்பது எனது அபிப்பிராயம். ஆனால், தீர்மானித்தது வாதம்தான்.

கம்பனி சொன்னது இதுதான்: நிலையத்துக்கு மேலுள்ள வான்வெளி ஒரு தனிச் சொத்து. அதில் எதையும் கட்டக்கூடாது என்று நகரம் சொல்வதன் மூலம் அந்தச் சொத்து முழுவதையும் நட்டஈடின்றிப் பறித்துக்கொண்டிருக்கிறது. 1902 ஆம் ஆண்டிலிருந்து வான்வெளியைத் தனியாகவே கணக்கெழுதிவந்த ஒரு ரயில்வேயின் வாரிசு இவ்வாறு வாதிட்டதில் ஆச்சரியம் இல்லை. 1978 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை நிராகரித்தது. சொத்தைக் கூறுபோட்டு, ஒரு கூறு முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. முழுக் காணியையும் ஒன்றாகவே நோக்கவேண்டும் என்று நீதியரசர் பிரெனன் எழுதினார். நிலையத்தை நிலையமாக நடத்தி நியாயமான வருமானம் பெறுவதற்குக் கம்பனிக்குத் தடையில்லை என்பது ஒரு காரணம். கட்டப்படாத மாடிகளின் உரிமையை அருகிலுள்ள வேறு காணிகளுக்கு மாற்றிவிட நகரம் அனுமதித்திருந்தது என்பது இன்னொரு காரணம். அந்த மாற்று உரிமை போதிய ஈடு அல்ல என்றே மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதியரசர் ரென்குவிஸ்ட் கருதினார்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்கத் தவறுகின்ற ஒரு விடயம் உண்டு. அந்த வழக்கு நிலையத்தின் வெளித்தோற்றம் பற்றியது. 1967 ஆம் ஆண்டின் பட்டியலிடல் உட்புறத்துக்கு எந்தப் பாதுகாப்பையும் அளிக்கவில்லை. உட்புறங்களையும் பாதுகாக்க 1973 இல் சட்டம் திருத்தப்பட்டு, பிரதான மண்டபம் பட்டியலில் சேர்க்கப்பட்டது 1980 ஆம் ஆண்டில்தான். இந்தச் சட்டம் சுவரையும் சாளரத்தையும் காக்கும். சாளரத்துக்கு வெளியே இருக்கும் வெளிச்சத்தை அது காப்பதில்லை.

நீதிமன்றம் சுட்டிக்காட்டிய மாற்று உரிமையை முதலில் வாங்கியவர்களில் ஒருவர் பிலிப் மொரிஸ் சிகரெட் கம்பனியினர். ஏறத்தாழ 75,000 சதுர அடி. 1980களின் ஆரம்பத்தில் அதைக்கொண்டு அவர்கள் தமது 26 மாடித் தலைமையகத்தைக் கட்டிய இடம், 42 ஆவது வீதியின் மறுபுறத்தில், பழைய பெல்மொன்ட் ஹோட்டேல் நின்ற அதே மூலை. ஹோட்டேல் 1939 இல் இடிக்கப்பட்ட பின்னர் நாற்பது வருடங்கள் அங்கு தாழ்ந்த கட்டடம் ஒன்றே இருந்தது. அதாவது, நிலையத்தின் தென்புற வானம் சிறிது காலம் முன்னரிலும் அதிகமாகத் திறந்திருந்தது. நிலையத்தின் தலைக்கு மேல் கட்டாமல் விட்ட மாடிகளே இடம் மாறி வந்து அதை மீண்டும் அடைத்தன. நிலையத்தின் நேர் எதிரே பார்க் அவெனியூ வீதியின் இடைவெளி மாத்திரம் எஞ்சியிருக்கிறது.

1998 ஆம் ஆண்டில் முடிவடைந்த பெரும் திருத்தவேலையின்போது சாளரங்களையும் விதானத்தையும் கழுவினார்கள். விளம்பரம் அதற்கு முன்னரே போயிருந்தது. முதல் வரைபடத்தில் இருந்தும் கட்டப்படாமல் விடப்பட்ட கிழக்குப் படிக்கட்டும் அப்போது கட்டி முடிக்கப்பட்டது. விதானத்தில் ஒரு சிறு கறுப்புத் திட்டைக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள், முன்னர் எப்படி இருந்தது என்பதைக் காட்டுவதற்காக. விற்பனையும் நிற்கவில்லை. 2018 ஆம் ஆண்டில் ஜே.பி. மோர்கன் வங்கி நிலையத்தின் வான்வெளி உரிமையில் ஆறரை இலட்சம் சதுர அடிக்கும் அதிகமானதை வாங்கியது. அதைச் சேர்த்துக் கட்டிய அதன் புதிய கோபுரம் 2025 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அது நிற்பது நிலையத்துக்கு வடக்கே சில வீதிகள் தள்ளி. ஆகவே தென்புறச் சாளரங்களுக்கு அதனால் கெடுதல் இல்லை.